வெயிலில் திரை தெரியவில்லையா? நிட்ஸைப் பார்க்கும் முன் பிரதிபலிப்பைப் பாருங்கள்

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் "டிஸ்ப்ளே போச்சு" என்று கடைக்குக் கொண்டுவரும் சாதனங்களில் பலவற்றில் டிஸ்ப்ளே நன்றாகவே இருக்கிறது. கடைக்குள் பார்த்தால் பளிச்சென்று எரியும். வாசலில் இறங்கி நின்றால் எழுத்து காணாமல் போய்விடும். "அண்ணாச்சி, டேப்லெட்டு, ஃபோனு ரெண்டும் ஒரே வெளிச்சந்தான். ஃபோன்ல ஏதோ வாசிச்சிரலாம், இதுல எம் மூஞ்சிதான் தெரியுது" என்று ஒரு தம்பி சொன்னார். அவர் சொன்னதில் தவறே இல்லை. இருட்டறையில் இரண்டிலும் வெள்ளைப் படத்தைத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய சாதனங்களையே இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

வெயிலில் திரையை வாசிக்க முடியுமா என்பதைத் திரை தரும் வெளிச்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை. திரையின் கண்ணாடி, எதிரே இருப்பதை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்சம் வெள்ளைப் பகுதியின் மேலும் விழுகிறது, கறுப்பு எழுத்தின் மேலும் விழுகிறது. வெள்ளைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. கறுப்புதான் கறுப்பாக இல்லாமல் வெளுத்துப்போகிறது. எழுத்து மறைவது இப்படித்தான்.

```
தெளிவு = (வெள்ளை + பிரதிபலிப்பு) / (கறுப்பு + பிரதிபலிப்பு)
```

எல்லாம் நிட்ஸ் கணக்கில், அதாவது ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தை அளக்கும் அலகில். இந்த விகிதம் 2 என்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முயற்சி செய்ய வேண்டும். 3 வந்தால் பெரிய எழுத்தை வாசித்துவிடலாம். 5 தாண்டினால் சிரமமில்லை. வீட்டுக்குள் இது நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், காற்றைத் தொடும் இடத்தில், தன்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் நீல வானத்தின் வெளிச்சம் 5000 நிட்ஸ் என்று வைத்தால், அதில் 4 சதவீதம் 200 நிட்ஸ். திரையே 500 நிட்ஸ்தான் தருகிறது என்றால் 200 என்பது பெரிய பங்கு. அதைவிட முக்கியம், காற்றைத் தொடும் பரப்புகள் எத்தனை இருக்கின்றன என்பது. ஒரே வெளிச்சம் உள்ள இரண்டு திரைகள் பிரிந்து போகும் இடம் இதுதான்.

## அறிகுறி 1: திரையில் வானமும் முகமும் தெளிவாகத் தெரிகிறது

பெரும்பாலான புகார் இந்த வகைதான். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், ஒரு டியூப்லைட் போதும்.

திரையை அணைத்துவிடுங்கள். எரியும் டியூப்லைட்டின் உருவம் கண்ணாடியில் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சரிவாகப் பாருங்கள். இப்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: எத்தனை உருவம் தெரிகிறது, அதன் நிறம் என்ன.

கூர்மையான ஒரே வெள்ளை உருவம் என்றால், மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளேயும் இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கின்றன, மேலே கோட்டிங் எதுவும் இல்லை. பின்னால் நிறம் மாறிய ஒரு மங்கலான நிழலுருவம் தெரிந்தால் பரவாயில்லை, அது உள்ளே இருக்கும் மின்சுற்று அடுக்கிலிருந்து வருவது. அந்த ஒரே உருவம் மங்கிப்போய், ஊதாவாகவோ பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி வாங்கும்போது ஏ.ஆர். என்று சொல்லி விற்கிறார்களே, அதே சரக்கு. இரண்டு மூன்று உருவங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி, எல்லாமே பளிச்சென்று தெரிந்தால், உள்ளே காற்று இடைவெளி இருக்கிறது. விலை குறைந்த டேப்லெட்டுகளில் இது சாதாரணம். படம் கண்ணாடிக்குக் கொஞ்சம் கீழே அமிழ்ந்து கிடப்பதுபோல் தெரிவதும் இதன் அடையாளம்.

அந்தத் தம்பியின் டேப்லெட்டில் உருவங்கள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே ஒரு காற்று இடைவெளி. அது போதாதென்று, மேலே ஓரத்தில் மட்டும் பசை உள்ள டெம்பர்ட் கிளாஸ். அதற்கும் திரைக்கும் நடுவே இன்னொரு காற்று இடைவெளி. பரப்புகளை எண்ணிப் பாருங்கள்: டெம்பர்ட் கிளாஸின் மேல்புறம், அதன் அடிப்புறம், டேப்லெட் கண்ணாடியின் மேல்புறம், அதன் அடிப்புறம், உள்ளே டிஸ்ப்ளேயின் மேல்புறம். ஐந்து பரப்பு. ஒன்றில் தட்டித் திரும்புவதால் அடுத்ததற்குப் போவது கொஞ்சம் குறையும் என்பதைக் கழித்தாலும் மொத்தம் 18 சதவீதம் பக்கம் வரும்.

5000 நிட்ஸ் வானத்தில் 18 சதவீதம் 900 நிட்ஸ். திரையின் வெள்ளை 500. கறுப்பு கிட்டத்தட்ட 0 என்று வைப்போம். 1400-ஐ 900-ஆல் வகுத்தால் 1.6 கூட முழுதாக வரவில்லை. எழுத்து எப்படித் தெரியும்?

அவருடைய ஃபோனில் கண்ணாடி ஒட்டியே இருந்தது. மேல் பரப்பின் 4 சதவீதம், உள்ளிருந்து வருவது ஒரு சதவீதம், ஆக 5. அதே வானத்தின் கீழ் 250 நிட்ஸ். 750-ஐ 250-ஆல் வகுத்தால் 3. அதே 500 நிட்ஸ் வெளிச்சம்தான், ஆனால் ஒன்றில் பெரிய எழுத்தாவது தெரிகிறது, இன்னொன்றில் எதுவும் தெரியவில்லை.

டேப்லெட்டை வெறும் வெளிச்சத்தால் ஃபோனின் அளவுக்குக் கொண்டுவர என்ன தேவை என்று பார்த்தால் இன்னும் விளங்கும். 900 நிட்ஸ் பிரதிபலிப்பை வைத்துக்கொண்டு விகிதம் 3 வர, திரை 1800 நிட்ஸ் தர வேண்டும். அந்த விலைக்கு வரும் எந்த டேப்லெட்டும் அதைத் தராது.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, ஓரப்பசை டெம்பர்ட் கிளாஸைக் கழற்றுவது. ஐந்து பரப்பு மூன்றாகும், 12 சதவீதம். விகிதம் 1.8. முன்னேற்றம் உண்டு, ஆனால் போதாது. பாதுகாப்புக்குக் கண்ணாடி வேண்டியே ஆகுமென்றால் முழுப்பரப்பிலும் பசை உள்ளதாக வாங்குங்கள். பசையின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒட்டிய இடத்தில் பிரதிபலிப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். பரப்புக் கணக்கில் கூடாது.

அடுத்து, கோட்டிங் உள்ள ஏ.ஆர். ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்பார்கள். இங்கேதான் பணம் வீணாகிறது. நல்ல ஃபிலிம் மேல் பரப்பின் 4 சதவீதத்தை ஒன்றாகக் குறைக்கும். ஃபோனில் அதனால் மொத்தம் 5 என்பது 2 ஆகும். பிரதிபலிப்பு 100 நிட்ஸ்தான், விகிதம் 6. அருமையான பலன். காற்று இடைவெளி உள்ள டேப்லெட்டில் அதே ஃபிலிமை ஒட்டினால் 12 என்பது 9 ஆகும். விகிதம் 2.1. மேல் பரப்பு திருந்தினாலும் உள்ளே இருக்கும் இரண்டு பரப்பும் அப்படியே இருக்கின்றன. கோட்டிங் தான் இருக்கும் பரப்பை மட்டும்தான் சரிசெய்யும். ஆகவே டியூப்லைட்டில் பல உருவம் தெரிந்த சாதனத்துக்கு ஏ.ஆர். ஃபிலிமை நான் பரிந்துரைப்பதில்லை.

அந்த டேப்லெட்டுக்கு உதவியது காசில்லாத ஒரு வழி. பிரதிபலிப்பு என்பது எதிரே இருப்பதில் ஒரு பங்கு. எதிரே இருப்பதை மாற்றினால் போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வானம் தெரியாமல் உங்கள் சட்டை திரையில் தெரியும்படி சாயுங்கள். நிழலில் இருக்கும் கருநீலச் சட்டையின் முன்பக்கம் 500 நிட்ஸ் அளவில்தான் இருக்கும். அதில் 12 சதவீதம் 60 நிட்ஸ். 560-ஐ 60-ஆல் வகுத்தால் 9. வானத்தைக் காட்டிய கோட்டிங் ஃபோனைவிட, சட்டையைக் காட்டிய மலிவான டேப்லெட் தெளிவாக இருக்கிறது. வெள்ளைச் சட்டை என்றால் அதே நிழலில் 3500 நிட்ஸுக்கு மேல் போகும், பாதிப் பலனும் இல்லை. களத்தில் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சட்டை நிறத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது நம் நிழல் காலடியிலேயே விழும், முதுகைக் காட்டி நிற்பதற்கு அர்த்தமில்லை. அகலமான விளிம்புள்ள தொப்பி போட்டு, தொப்பியின் அடிப்புறம் திரையில் தெரியும்படி பிடிக்க வேண்டும். அடிப்புறம் கறுப்பாக இருந்தால் நல்லது. சூரியனே நேரடியாகத் திரையில் தெரிந்தால் எந்தக் கோட்டிங்கும் உதவாது. அதன் வெளிச்சம் நூறு கோடி நிட்ஸைத் தாண்டியது, அரை சதவீதம் திரும்பினாலும் கண் கூசும். சாய்வை மாற்றுவது ஒன்றே வழி.

## மேகம் போட்டும் தெரியவில்லை என்றால்

இது தனிப் புகாராகவே வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்று சீசனில், மலைப்பக்கமிருந்து வெள்ளை மேகம் ஓடிவந்துகொண்டே இருக்கும். சூரியன் மறைந்திருக்கிறது, சாரல் காற்று அடிக்கிறது, ஆனால் திரை தெளிந்த நாளைவிட மோசமாக இருக்கிறது. சாதனத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து வருவார்கள்.

கோளாறு இல்லை. வெயில் பட்ட வெள்ளை மேகம் நீல வானத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பளிச்சென்று இருக்கும். 10,000 நிட்ஸ் என்று வைத்தால், 3 கிடைத்த அதே ஃபோனில் பிரதிபலிப்பு 500 ஆகி, விகிதம் 2-க்கு இறங்கிவிடும். சாய்த்துப் பிடிக்கும்போது நீல வானம் இருக்கும் பக்கத்தையோ, மரத்தையோ, காற்றாலைத் தூணின் நிழல்பக்கத்தையோ தேர்ந்தெடுங்கள்.

## அறிகுறி 2: உருவம் எதுவும் தெரியவில்லை, ஆனால் திரை முழுக்க வெளுத்துப்போகிறது

டியூப்லைட் சோதனையில் உருவம் கூர்மையாக இல்லாமல் பரவிய வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால், மேலே மேட் பரப்பு இருக்கிறது. மேட் என்பதும் ஏ.ஆர். கோட்டிங் என்பதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், கடைகளிலும் ஒன்றாகவே சொல்லி விற்கிறார்கள். இரண்டும் செய்வது வேறு வேலை.

ஏ.ஆர். கோட்டிங் பிரதிபலிப்பின் அளவையே குறைக்கிறது. கண்ணாடிமேல் மிக மெல்லிய ஓர் அடுக்கு. மெக்னீசியம் ஃபுளோரைடு என்றால் சுமார் 100 நானோமீட்டர் தடிமன், அதாவது பச்சை ஒளி அந்த அடுக்குக்குள் கொள்ளும் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு. அடுக்கின் மேலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து அடித்துக்கொள்கின்றன. இந்த ஒரே அடுக்கு 4 சதவீதத்தை ஒன்றேகால் பக்கம் கொண்டுவரும். பல அடுக்கு போட்டால் அரை சதவீதத்துக்கும் கீழே போகலாம். எல்லா நிறத்துக்கும் ஒரே தடிமன் பொருந்தாது, அதனால்தான் மிச்சம் திரும்பும் ஒளி ஊதாவாகவோ பச்சையாகவோ தெரிகிறது. 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் இருக்கும் கொரில்லா ஆர்மர் கண்ணாடி மேல்பரப்புப் பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைப்பதாக அதைச் செய்த கார்னிங் நிறுவனம் சொல்கிறது. அதாவது 4 என்பது 1. மேலே போட்ட கணக்குதான்.

மேட் பரப்பு அளவைக் குறைப்பதில்லை, கலைத்துப் போடுகிறது. அறைக்குள் ஒரு விளக்கு மட்டும் எதிரே இருந்தால், அதன் உருவம் கலைந்து வாசிக்க வசதியாகும். அலுவலக மானிட்டருக்கு நல்லது. திறந்த வெளியில் நிலைமை தலைகீழ். நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு விழுகிறது. பரப்பு அதில் 2 சதவீதத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்தால், அந்த 2000-ஐ 3.14-ஆல் வகுத்து நிட்ஸ் ஆக்கும்போது, திரை முழுக்க 600 நிட்ஸுக்கு மேல் வெள்ளைப் படலம் கிடக்கும். கூர்மையான பிரதிபலிப்பைச் சாய்த்துத் தப்பிக்கலாம். சிதறலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் தப்பிக்க முடியாது, வெயில் திரையில் படாமல் மறைக்க வேண்டும்.

அதனால் மேட் ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் பாருங்கள். மேட் இல்லாமலே வெளுக்கிறது என்றால் விரல் எண்ணெய், தூசி, நுண்கீறல். இவையும் ஒளியைச் சிதறடிக்கும். துடைத்துவிட்டு வெயிலில் பார்த்தால் எண்ணெயா கீறலா என்பது உடனே தெரியும்.

## அறிகுறி 3: சட்டையைக் காட்டினாலும், துடைத்தாலும், திரையே மங்கலாக இருக்கிறது

இப்போதுதான் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண், படத்தின் ஒரு சின்னப் பகுதி மட்டும் எரியும்போது எடுத்த உச்ச அளவாக இருக்கலாம். வெள்ளைப் பக்கம் முழுக்க எரியும்போது அது கிடைக்காது. பல ஃபோன்களில் கையால் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினாலும் முழு வெளிச்சம் வராது. தானியங்கி வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்து, உணரி வெயிலைப் பார்த்தால்தான் மேல்நிலைக்கு ஏறும். ஆண்ட்ராய்டில் Settings > Display > Adaptive brightness, ஐஃபோனில் Settings > Accessibility > Display & Text Size > Auto-Brightness இயங்குகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் Extra dim, ஐஃபோனில் Reduce White Point தெரியாமல் ஆன் ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு. மேல்விளிம்பில் உணரி இருக்கும் இடத்தை டெம்பர்ட் கிளாஸின் கறுப்பு ஓரம் மறைத்திருந்தாலும் ஃபோன் தான் நிழலில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

முதலில் பளிச்சென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கினால் சூடு. ஃபோனைப் பாதுகாக்க அதுவே குறைத்துக்கொள்கிறது. பைக்கில் வெயில்படும்படி மாட்டி வைக்கிறவர்களுக்கு இது அன்றாடம். உறையைக் கழற்றி, காற்றுப்படும் நிழலில் வைத்தால் திரும்ப ஏறும்.

போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஃபோனைக் குறுக்கே திருப்பும்போது திரை கறுத்து, நேராக்கினால் தெரிந்தால் காரணம் அதுதான்.

டார்க் மோடு வெயிலுக்கு ஆகாது. பெரும்பகுதி கறுப்பாக இருந்தால் பிரதிபலிப்பு அந்தக் கறுப்பில்தான் நன்றாகத் தெரியும். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உப்பளம், வெள்ளை மணல் போன்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தால் கண்ணே அந்த வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும், 500 நிட்ஸ் திரை பிரதிபலிப்பு இல்லாமலேயே இருட்டாகத் தெரியும். அங்கே கோட்டிங் உதவாது. திரை உண்மையிலேயே அதிக வெளிச்சம் தர வேண்டும், இல்லையென்றால் தொப்பியாலும் கையாலும் சுற்றிலும் மறைக்க வேண்டும்.

## அறிகுறி 4: முன்பு நன்றாகத் தெரிந்தது, இப்போது கூசுகிறது

மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, டிஸ்ப்ளே மாற்றியிருப்பார்கள். டிஸ்ப்ளேயும் கண்ணாடியும் சேர்ந்தே வரும் மாற்றுக் காம்போவின் மேல்கண்ணாடியில் பழைய கோட்டிங் பெரும்பாலும் இருக்காது. டிஸ்ப்ளே மாற்றாத அதே மாடல் ஃபோன் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டையும் அணைத்து டியூப்லைட்டின் கீழ் பக்கத்தில் வைத்தால் உருவத்தின் பளிச்சிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு, கோட்டிங் உள்ள ஃபோனின் மேல் சாதா டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருப்பார்கள். கோட்டிங் காற்றைத் தொட்டால்தான் வேலை செய்யும். அதன்மேல் பசை ஏறிவிட்டால் அது செத்த மாதிரிதான், இப்போது காற்றைத் தொடுவது டெம்பர்ட் கிளாஸின் 4 சதவீதப் பரப்பு. அதிக விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியின் பலனை முந்நூறு ரூபாய்க் கண்ணாடி அழித்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஃபோனுக்கு கோட்டிங் உள்ள, முழுப்பசைக் கண்ணாடி ஒட்டுங்கள், அல்லது எதுவும் ஒட்டாதீர்கள்.

மூன்று, கோட்டிங் தேய்ந்திருக்கும். டியூப்லைட் உருவம் திரையில் நகரும்போது சில இடத்தில் ஊதா, சில இடத்தில் வெள்ளை என்று திட்டுத்திட்டாக மாறினால் இதுதான். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலில் புழங்கும் ஃபோன்களில் இது அதிகம். தேரி மணல் இரும்புச் சிவப்பு ஏறிய குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். சட்டை நுனியால் அதை அழுத்தித் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். முதலில் ஊதியோ, தூரிகையால் தட்டியோ மணலை இறக்குங்கள். பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். பற்பசை போட்டுக் கீறல் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், கீறல் போகுமோ என்னவோ, கோட்டிங் நிச்சயம் போய்விடும்.

தேய்ந்த கோட்டிங்கைக் கடையில் திரும்பப் போட முடியாது. அது வெற்றிட அறையில் ஆவியாகப் படிய வைப்பது, புட்டியில் வரும் திரவத்தால் ஆகும் வேலையில்லை. திட்டு சின்னதாக இருந்தால் விட்டுவிடலாம். பெரிதாகி எழுத்தை மறைத்தால், மேலே முழுப்பசை ஏ.ஆர். ஃபிலிம் ஒட்டுவதுதான் செலவு குறைந்த வழி. அடியில் இருக்கும் திட்டுகள் பசைக்குள் மறைந்துவிடும், புதிய பரப்பு ஃபிலிமுடையதாக இருக்கும். ஒட்டிய பிறகு திரையை அணைத்து டியூப்லைட்டின் கீழ் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். உருவம் ஒன்றாக, மங்கலாக, நிறத்தோடு தெரிந்தால் காசு கொடுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது சாதா ஃபிலிம்.